போர்டிகோவுக்கு மேலே இருக்கும் அறை: மூணாறில் ராக்வூல் போட்ட பிறகு

எங்கள் வீட்டில் கார் நிற்கும் போர்டிகோவுக்கு நேர் மேலே அம்மாவின் அறை. மூன்று பக்கமும் திறந்த இடம், டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று அப்படியே ஸ்லாப்பின் அடியைத் தடவிக்கொண்டு போகும். விடிகாலையில் வெளியே 8 டிகிரி. ஹீட்டர் போட்டு அறையை 18-க்குக் கொண்டுவந்தாலும் தரை 13-ஐத் தாண்டாது. பளபளப்பான டைல்ஸில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டும் என்பதால், தரையில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல்தான் அளந்தேன்.

அடியில் இன்சுலேஷன் போட்டுச் சில குளிர்காலங்கள் போய்விட்டன. இப்போது அதே மாதிரியான காலையில் தரை 16, 17 காட்டுகிறது. அம்மா செருப்பில்லாமல் நடக்கிறார். ஹீட்டரைப் படுக்கும் முன் கொஞ்ச நேரம் போட்டால் போதும்.

ஆரம்பத்தில் எல்லோரும் சொன்னது ஃபால்ஸ் சீலிங். ஜிப்சம் போர்டைத் தொங்கவிட்டு, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சைப் பரப்பிவிடலாம் என்றார்கள். பக்கத்துத் தெருவில் அப்படிச் செய்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். பஞ்சுக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, ஓரம் முழுக்கத் திறந்தே கிடந்தது. குளிர்காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்து ஸ்லாப்பைத் தொட்டுவிடுகிறது. அப்புறம் கீழே எவ்வளவு பஞ்சு இருந்தும் பயனில்லை. ஜிப்சமும் ஒரு மழைக்காலத்தில் தொய்ந்திருந்தது.

அதனால் நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான்: இன்சுலேஷன் ஸ்லாப்போடு ஒட்டியிருக்க வேண்டும், பின்னால் காற்று நுழையக் கூடாது. தெர்மோகோல் வகைப் பலகைகள் விலை குறைவு, ஒட்டுவதும் சுலபம். ஆனால் அவை எரியும். கீழே கார் நிற்கும் இடத்தில், மேலே ஆள் தூங்கும்போது அது வேண்டாம் என்று பாறையை உருக்கி இழுத்த நாரால் ஆன 50 மில்லிமீட்டர் ராக்வூல் பலகை எடுத்தேன். தீப்பிடிக்காது. கன மீட்டருக்கு 96 கிலோ அடர்த்தி கேட்டு வாங்கினால் பலகை விறைப்பாக நிற்கும். வெப்பத்தைத் தடுப்பதில் அந்த 5 சென்டிமீட்டர், ஏறக்குறைய 2 மீட்டர் கான்கிரீட்டுக்குச் சமம்.

போடியிலிருந்து வந்த மேஸ்திரி முதலில் ஸ்லாப்பின் அடியைத் தட்டிப் பார்த்து, உதிரும் பூச்சை எல்லாம் கொத்தி எடுத்தார். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் நான்கு ஓரத்தையும் சுற்றி அறுபடாமல் ஒரு கோடாகச் சிமென்ட் பசை, நடுவே மூன்று உருண்டை. “நடுவுல மட்டும் அப்பினா ஓரத்துல காத்து ஓடும்ணே, சுத்தி அடைச்சிரணும்” என்று அவரே சொன்னார். அழுத்தி ஒட்டி, பசை இறுகியதும் பலகைக்கு ஐந்து வட்டத்தலை ஆங்கர், ஸ்டீல் ஆணி வைத்தது. இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராதபடி செங்கல் வரிசை போல மாற்றி மாற்றி வைத்தார். கீழே ஜி.ஐ. சேனல், 8 மில்லிமீட்டர் சிமென்ட் போர்டு. எலி கூடு கட்டாமல் இருக்க ஓரங்களில் கம்பி வலை மடித்து அடைத்தோம். நார் தோலில் அரிக்கும், மூச்சிலும் போகும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் இல்லாமல் யாரையும் வேலைக்கு ஏற்ற வேண்டாம்.

உயரத்தில் 8, 9 சென்டிமீட்டர் போய்விடும். காரின் பின்கதவை முழுக்கத் திறந்து, மேலே இடிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீம்தான் சிக்கலான இடம். உள்பீம்களின் அடியையும் இரு பக்கங்களையும் ராக்வூலால் சுற்றிவிட்டோம். தெருப்பக்கத்துப் பீமின் வெளிமுகத்தை மூட முடியவில்லை, அது வீட்டின் முகப்பு. அதற்கு நேர் மேலே சுவரோரம் ஒரு அடி அகலத் தரை இன்னும் 14 டிகிரிதான் காட்டுகிறது. கட்டிலை அங்கிருந்து நகர்த்திப் போட்டிருக்கிறோம். புதிதாகக் கட்டுபவர்கள் சுற்றுப்பீமின் வெளிமுகத்தையும் சேர்த்தே மூடத் திட்டமிடுவது நல்லது.

வெயில் காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போர்டிகோவின் அடி எப்போதும் நிழல், சூடு வருவது மொட்டைமாடியிலிருந்து. புத்தூர், சித்தூர் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டபோதும் முதலில் கூரையைப் பாருங்கள், ஏ.சி. அறையாக இருந்தால் மட்டும் அடியைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் சொன்னேன்.

பாத்ரூம் குழாய் ஸ்லாப்பைத் துளைத்து இறங்கும் இடத்தில் திறந்து மூடும் ஒரு சின்னக் கதவு வைக்கச் சொன்னேன். கசிவு இருந்தால் ராக்வூல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், ஈரமானால் குளிரையும் தடுக்காது. வெளியே சிமென்ட் போர்டில் பழுப்புக் கறை தெரிய நாளாகும். அதனால் ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் அந்தக் கதவைத் திறந்து, விரலால் அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை உலர்ந்துதான் இருக்கிறது.