பால் கட்டிக் காய்ச்சல் வந்தால்: வெந்நீர் ஒத்தடமா, பனிக்கட்டியா?

குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள் ஒரு வீட்டில் பெயர் சூட்டு விழா நடந்ததாக வைத்துக்கொள்வோம். விருந்தினர் நடுவே தாய்க்கு ஆறு மணி நேரம் பால் கொடுக்க முடியவில்லை. இரவில் இடது மார்பின் வெளிப்புறத்தில், முலைக்காம்பை நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவில், கல்லைப் போன்ற ஒரு வீக்கம் தோன்றுகிறது. தொட்டால் வலியும் சூடும் தெரிகின்றன. விடிவதற்குள் குளிர் நடுக்கத்துடன் 101.5 டிகிரி காய்ச்சலும் வந்துவிடுகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து நன்றாக உருவி, கட்டிய பாலை முழுதும் பிழிந்துவிட வேண்டும் என்கிறார் மாமியார். பனிக்கட்டி வையுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்கிறார் பேறுகால செவிலியர். இருவருமே தமக்குக் கற்பிக்கப்பட்டதைத்தான் சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை மருத்துவ நூல்களும் மாமியாரின் பக்கமே நின்றன.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன், உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவது நல்லது. மார்பகம் பல மடல்களால் ஆனது. ஒவ்வொரு மடலின் சிறு பால் நாளங்களும் ஒன்றுகூடி முலைக்காம்பை நோக்கி வருகின்றன. ஒரு மடல் மட்டும் பாதிக்கப்படும்போது வீக்கம் ஆப்பு வடிவம் பெறுவது இதனால்தான். அடைப்பு என்றதும் குழாயில் சிக்கிய தயிர்க்கட்டி போன்ற ஒன்றை நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பால் தேங்கிப் பால் சுரக்கும் பைகள் உப்பி, சுற்றியுள்ள திசுவில் நீர் கோத்து, அந்த வீக்கம் மெல்லிய நாளங்களை வெளியிலிருந்து நெரிக்கிறது. தேக்கம் நீடித்தால் பால் சுரக்கும் செல்களுக்கு இடையேயுள்ள பிணைப்பு தளர்ந்து, பாலின் கூறுகள் திசுவுக்குள் கசிகின்றன. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அழற்சியைத் தொடங்குகிறது. ஆகவே ஒரு கிருமிகூட இல்லாமலேயே செந்நிறம், வலி, காய்ச்சல் எல்லாம் வரலாம். கசிவு எதிர்த்திசையிலும் நடப்பதால் பாலில் உப்புச் சுவை கூடும். குழந்தை அந்தப் பக்கம் குடிக்க மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தொற்று இதற்கு அடுத்த படி: முலைக்காம்பின் வெடிப்பு வழியாகவோ, நாளங்களில் ஏற்கெனவே இருந்தோ, பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தேங்கிய பாலிலும் வீங்கிய திசுவிலும் பெருகுகிறது.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் உருவிப் பிழியும் முறையின் குறை எளிதில் விளங்கும். நெரிபட்ட நாளத்தை விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது வீங்கிய திசுவை மேலும் நசுக்கி, நுண் இரத்தக் குழாய்களைக் காயப்படுத்தி, நீர்க்கோப்பைக் கூட்டுகிறது. சூடும் அங்கே இரத்த ஓட்டத்தைப் பெருக்கி வீக்கத்துக்குத் துணைபோகலாம். மார்பு காலியாகும் வரை இயந்திரத்தால் மீண்டும் மீண்டும் உறிஞ்சினால் உடல் அதைக் கூடுதல் தேவை என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அடுத்த நாள் தேக்கமும் அதற்கேற்ப வளர்கிறது. தாய்ப்பாலூட்டல் மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான அகாடமி ஆஃப் பிரஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி எழுதியதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

இதனால் பழைய முறை வெறும் மூடநம்பிக்கை என்றாகிவிடாது. 1984இல் டென்மார்க்கில் தாம்சனும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வில், பாலை முறையாக வெளியேற்றியவர்களுக்கு ஒன்றும் செய்யாதவர்களைவிட விரைவில் குணமானது. தொற்று உறுதியானவர்களுக்கோ, வெளியேற்றுதலோடு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தபோதுதான் மிக நல்ல பலன் கிடைத்தது. அந்த ஆய்வையும் புதிய வழிகாட்டுதலையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: பால் தேங்க விடக்கூடாது என்பதில் பழையவர்கள் சரி, வழக்கத்துக்கு மேல் ஒரு சொட்டும் கூடுதலாக இழுக்கக்கூடாது என்பதில் புதியவர்கள் சரி. பனிக்கட்டியா வெந்நீரா என்பதில் மட்டும் இரு பக்கத்துக்கும் வலுவான சோதனைச் சான்று குறைவு. பால் கொடுக்குமுன் சில நிமிட இளஞ்சூட்டில் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்தால் அதற்காகச் சண்டையிட மாட்டேன். முட்டியால் உருவுவதற்கு மட்டும் ஒப்பமாட்டேன்.

அந்தப் பத்தொன்பதாம் நாள் தாய்க்கு இது நடைமுறையில் எப்படி அமையும்? குழந்தை கேட்கும்போதெல்லாம் இரு பக்கமும் வழக்கம்போலப் பால் கொடுக்க வேண்டும். வலிக்கும் பக்கத்துப் பாலால் நலமான குழந்தைக்குத் தீங்கு வராது. அந்தப் பக்கம் குழந்தை குடிக்கவில்லையென்றால், அது குடித்திருக்கக்கூடிய அளவு மட்டும் கையால் பீய்ச்சி எடுத்தால் போதும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 20 நிமிடம் வரை, இடைவெளி விட்டு வைக்கலாம். தடவுவதாயிருந்தால் தோல் மட்டும் அசையும் அளவுக்கு, பூனையை வருடுவதுபோல, அக்குளை நோக்கித் தடவ வேண்டும். கோத்த நீர் வடியும் பாதை அதுதான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா போன்ற தடைகள் இல்லாதவர்கள் ஐபுபுரோஃபனை மருத்துவர் சொல்லும் அளவில் உணவுக்குப் பின் எடுக்கலாம். இது வலியோடு அழற்சியையும் குறைக்கிறது, பாராசிட்டமாலோ வலியையும் காய்ச்சலையும் மட்டுமே தணிக்கிறது. இரண்டுமே பாலூட்டும் காலத்தில் எடுக்கத் தக்கவை.

நம் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு: மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டுவது. இதில் உண்மை இருக்கிறது. மல்லிகை பால் சுரப்பைக் குறைப்பதை வேலூரில் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அது பாலை நிறுத்த வேண்டியவர்களுக்கான வழி. குழந்தைக்கு மூன்று வாரம்கூட ஆகாத தாய்க்கு அதைக் கட்டுவது, வீக்கம் வற்றுமுன் பாலையே வற்றவைக்கும் வேலையாகிவிடும்.

அடுத்த கேள்வி, ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்குவதா, காத்திருப்பதா என்பது. காய்ச்சலை மட்டும் வைத்துக் கிருமி இருக்கிறதென்று சொல்ல முடியாது என்பதால், மேற்சொன்னவற்றைச் செய்து 24 மணி நேரம் பார்ப்பதில் நியாயம் உண்டு. அந்தத் தாய்க்கு மறுநாள் காலைக்குள் காய்ச்சல் இறங்கி, ஆப்பின் ஓரங்கள் இளகத் தொடங்கினால் மாத்திரை தேவையில்லை. அதற்குள் குறையாவிட்டாலோ, சிவப்பு பரவினாலோ, முலைக்காம்பில் ஆழ்ந்த வெடிப்பு இருந்தாலோ மருத்துவரிடம் போயாக வேண்டும். மயக்கம், படபடப்பு, நிற்காத நடுக்கம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நம் நிறத் தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல், கருமையாகவோ பளபளப்பாகவோ மட்டும் தோன்றலாம்; புறங்கையால் இரு பக்கத்தையும் தொட்டு, சூட்டை ஒப்பிடுவது கண்ணைவிட நம்பகமானது. மருத்துவர் பொதுவாகக் குளோக்சசில்லின் வகையையோ செபலெக்சினையோ 10 முதல் 14 நாட்களுக்கு எழுதுவார். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமாக்சிசில்லினைப் போட்டுக்கொள்வது பயன் தராது, ஏனெனில் ஸ்டெபிலோகாக்கஸில் பெரும்பாலானவை அதைச் சிதைத்துவிடும். மருந்து தொடங்கி 48 மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால், பாலைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

பால் கொடுத்த பிறகும் அளவு குறையாத, நடுவில் மெத்தென்று அமுங்கும் கட்டி, சீழ் சேர்ந்திருப்பதன் அடையாளம். இங்கே ஒத்தடமும் மாத்திரையும் மட்டும் போதாது. அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சுவதா, கத்தியால் கீறுவதா என்று வந்தால், தோல் நலமாக இருக்கும்வரை ஊசியே மேல். தழும்பு குறைவு, பாலூட்டலும் தடைப்படாது. சிகிச்சை முழுதாக முடிந்த பின்னும் வீக்கமோ சிவப்போ அதே இடத்தில் நீடித்தால், அரிதாக மார்பகப் புற்றுநோயும் இதே தோற்றத்தில் வருவதால், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.