ஐந்து வாரம், 1,400 வெள்ளி: விளம்பரக் காசை எந்த வாரத்தில் போடுவது?

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணம். தமிழ்ப்பள்ளி நிதிக்காக ஓர் இன்னிசை இரவு. மண்டபத்தில் 400 இருக்கை, டிக்கெட் 30 வெள்ளி, முன்பதிவுக்கு 25 வெள்ளி. நிகழ்ச்சி 22ஆம் தேதி, சனிக்கிழமை. முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஏற்பாட்டுக் குழு 1,400 வெள்ளி ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. 112 வெள்ளியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வானொலி விளம்பரம் நாடு முழுக்கக் கேட்கும், ஆனால் 400 இருக்கைக்கு அது தேவையில்லை. முந்தைய மாதம் 18ஆம் தேதி தொடங்கினால் கையில் ஐந்து வாரம் இருக்கிறது. இந்தக் காசை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் குழுவுக்குள் மூன்று கட்சி உருவாகும்.

முதல் கட்சி, நாளுக்கு 40 வெள்ளி என்று ஒரே சீராகப் போடச் சொல்லும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. முகநூலின் விளம்பர அமைப்பு யாருக்குக் காட்டலாம் என்று கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். தொகையை அடிக்கடி பெரிதாக மாற்றினால் அது மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். கை வைக்காமல் விட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரே படம் 35 நாள் ஓடும். சிறிய வட்டாரத்தில் அதே ஆட்கள் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்று காட்டும் `Frequency` என்ற எண் ஏறிக்கொண்டே போக, சொடுக்குகள் குறைந்துகொண்டே வந்தால், படம் சலித்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது கட்சி, "நம்ம ஆளுங்க கடைசி நேரத்துலதான் வாங்குவாங்க, மொத்தத்தையும் கடைசி வாரத்துல போடுங்க" என்று சொல்லும். நாளுக்கு 200 வெள்ளி. கடைசி வாரத்தில் விற்பனை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வாங்குகிறவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் முன்பு பார்த்து, வீட்டில் பேசி, சனிக்கிழமை வேலைமுறையை மாற்றிக்கொண்டு, அப்புறம் வாங்கியவராக இருக்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 15ஆம் தேதி விளம்பரத்தைப் போட்டு, அது ஒப்புதலில் மாட்டிக்கொண்டாலோ கட்டண அட்டை நிராகரிக்கப்பட்டாலோ சரிசெய்ய நாள் கிடையாது. மண்டபத்துக்கும் இசைக்குழுவுக்கும் முன்பணம் ஏற்கெனவே போயிருக்கும்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: சம்பள நாளைப் பார்த்துப் பிரிப்பது. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பல குடும்பங்களுக்கு 7ஆம் தேதி வாக்கில்தான் கையில் காசு புழங்கும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 120 வெள்ளி என்பது மாதக் கடைசியில் எடுக்கக்கூடிய தொகை அல்ல. ஆகவே முதல் வாரம் செய்தி ஊருக்குத் தெரிய நாளுக்கு 40 வெள்ளி. அடுத்த இரண்டு வாரம் நினைவில் வைத்திருக்க நாளுக்கு 20. 8ஆம் தேதி முதல் கடைசி வரை நாளுக்கு 60. கூட்டிப் பாருங்கள்: 280, 140, 140, 420, 420. மொத்தம் அதே 1,400தான்.

இதோடு ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். முன்பதிவுச் சலுகையை வழக்கமாக மாதக் கடைசியில் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 25 வெள்ளி டிக்கெட், அதற்குள் சம்பளம் வாங்கிவிடும் அரசாங்க ஊழியருக்கும் ஆசிரியருக்கும் போய்ச் சேரும். பால்மரம் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் 30 வெள்ளி டிக்கெட்தான் மிஞ்சும். பள்ளியில் படிப்பதே அவர்கள் பிள்ளைகள். சலுகையை 9ஆம் தேதி ஞாயிறு இரவு வரை நீட்டுங்கள். சம்பளம் வந்த முதல் வார இறுதியும் சலுகை முடியும் நாளும் ஒன்றாக வருவதால் விளம்பரத்துக்கும் அதுவே நல்ல வேகம் கொடுக்கும்.

தொகையை இடையிடையே மாற்றுவதைவிட, மூன்று கட்டத்துக்கும் தனித்தனி விளம்பரம், தனித்தனி படம், தனித்தனி முடிவுத் தேதி என்று வைப்பது நல்லது. நோக்கமாக 'விற்பனை'யைத் தேர்ந்தெடுக்க ஆசை வரும். அமைப்பு சரியாகக் கற்க வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனை வேண்டும். இந்தத் தொகையில் அது கிடைப்பது அரிது. இணைப்பைச் சொடுக்குகிறவர்களைத் தேடும் `Link clicks` போதும். வட்டாரம் ஈப்போவையும் கோலகங்சாரையும் சேர்த்து 40 கிலோமீட்டர். மொழியைத் 'தமிழ்' என்று குறுக்கிவிடாதீர்கள். நம் மக்களில் பலர் கைப்பேசியை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் விளம்பரம் படாமலே போய்விடும்.

சரி, எது விற்றது என்று எப்படித் தெரியும்? இங்கேயும் இரண்டு வழி. டிக்கெட் விற்கும் தளத்தில் வாங்குகிறவர்களைக் கண்காணிக்கும் பிக்சல் என்ற முகநூலின் சிறு நிரலைப் பொருத்தினால் விற்பனை தானாகவே பதிவாகும். ஆனால் விளம்பரத்தைச் சொடுக்கி ஏழு நாளுக்குள் வாங்கியவரையும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் முகநூல் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அத்தையின் வாட்ஸ்அப் செய்தியால் வாங்கியவர்கூட அதில் இருப்பார். தவிர, சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் விற்கும் டிக்கெட் பிக்சலுக்குத் தெரியவே தெரியாது.

பட்டணத்துக்கு ஒத்துவருவது கூகள் படிவமும் டூயிட்நாவ் கியூஆரும்தான். படிவத்தில் 'எந்த வழி' என்று ஒரு கேள்வி வைத்து, விடை முன்கூட்டியே நிரப்பப்பட்ட இணைப்பை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக எடுங்கள். கேள்வியின் எண் உங்கள் படிவத்துக்கு ஏற்ப மாறும்:

```
.../viewform?usp=pp_url&entry.123456789=FB-2
```

வாட்ஸ்அப் குழுக்களுக்கு `WA` என்று முடியும் வேறு இணைப்பு. காகித டிக்கெட்டுக்கு, கடைக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஒரு தொடர் எண். இதில் ஒரு விதியில் பிடிவாதம் வேண்டும்: கடையில் கொடுத்து வைத்த டிக்கெட் விற்ற டிக்கெட் ஆகாது. ஞாயிறு தோறும் ஒருவர் போய், அடிக்கட்டையை எண்ணி, காசை வாங்கிய பிறகே ஏட்டில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் 300 விற்றதாக நம்பி விளம்பரத்தை நிறுத்துவீர்கள். 20ஆம் தேதி 80 டிக்கெட் திரும்பி வரும்.

9ஆம் தேதி இரவு ஏடு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: முகநூல் இணைப்பில் 85, வாட்ஸ்அப்பில் 45, கடைகளில் 60. மொத்தம் 190. அதுவரை செலவு 680 வெள்ளி. ஆக, விளம்பரக் குறியோடு விற்ற டிக்கெட் ஒன்றுக்கு 8 வெள்ளி. முதல் வாரத்தை மட்டும் பார்த்தால் 20 வெள்ளிகூட ஆகியிருக்கலாம். அதைக் கண்டு பயந்து நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அந்த வாரம் பார்த்தவர்தான் 8ஆம் தேதி வாங்குகிறார். இந்தச் சராசரியை சம்பள வார இறுதி முடிந்த பிறகு பார்த்தால்தான் நம்பலாம்.

14ஆம் தேதிக்குப் பிறகு கணக்கு மாறும். மண்டபச் செலவு எப்படியும் கொடுத்ததுதான். ஒரு காலி இருக்கை நிரம்பினால் 30 வெள்ளி வரும். ஆகவே கடைசி வாரத்தில், முந்தைய மூன்று நாளில் விளம்பரம் கொண்டுவந்த டிக்கெட்டுக்கு என்ன விலை ஆனது என்று மட்டும் பாருங்கள். 15 வெள்ளிக்குக் கீழே இருந்தால் தொடரலாம். அதைத் தாண்டினால் மிச்சக் காசை நிறுத்திவிட்டு, காலி இருக்கையை வாட்ஸ்அப் குழுக்களுக்கு விடுங்கள். காலி இருக்கை 40க்குக் கீழே இறங்கினாலும் நிறுத்துங்கள். வாசலில் வந்து வாங்குகிறவர்களுக்கு அவ்வளவாவது இருக்கட்டும். விளம்பரத்தின் முடிவு நேரத்தை 21ஆம் தேதி இரவு 10 மணி என்று முதல் நாளே பதிந்துவிடுங்கள். நிகழ்ச்சி நாளன்று ஒலிபெருக்கியோடும் நாற்காலியோடும் ஓடும்போது யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.