பக்க எண், ‘மேலும் காட்டு’, முடிவில்லா ஸ்க்ரோல்: மூன்றையும் மூன்று வருடம் ஓட்டிய கதை

புதுச்சேரியில் மண்பாண்டமும் பீங்கானும் விற்கிற நண்பன் போன வாரம் ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டான். "டேய், சைட்டுல நானூறு அயிட்டம் ஆயிடுச்சு. பக்கம் பக்கமா போடவா, இழுக்க இழுக்க வர்ற மாதிரி போடவா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது எங்கள் கடைத் தளத்தில் அதே விஷயத்தை நான்காவது முறையாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் கீழே இருப்பதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும்.

எங்களுடையது திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் நடத்தும் புடவைக் கடை. தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், போனை அண்ணி எடுப்பார். இன்றைக்கு 960 புடவைகள் ஏறியிருக்கின்றன.

முதலில் தீமோடு வந்த பக்க எண்கள்தான் இருந்தன. பக்கத்துக்கு 12 வீதம் 80 பக்கம். எண்கள் பொடியாக இருந்ததால் 3ஐத் தொட்டால் 4 திறக்கும். பார்க்கவும் பழைய காலத்து மாதிரி இருந்தது. எடுத்துவிட்டு முடிவில்லா ஸ்க்ரோல் போட்டேன்.

அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. விரலால் தள்ளத் தள்ளப் புடவையாக வந்தது. இரண்டு வாரம் கழித்து அண்ணி, "தம்பி, போனே வரமாட்டேங்குதே" என்றார். கடையின் போன் நம்பர் தளத்தின் அடியில், ஃபுட்டரில் இருந்தது. அதை எட்டப் போகும்போதெல்லாம் அடுத்த 24 புடவை வந்து அதைக் கீழே தள்ளிவிடும். 960ஐயும் கடந்தவருக்குத்தான் எங்கள் நம்பர் தெரியும். நம்பரை மேலே ஏற்றினேன், அது தீர்ந்தது.

தீராதது பேக் பட்டன். இந்த மூன்று வருடமும் என்னைப் பிடித்து ஆட்டியது அது ஒன்றுதான். வாடிக்கையாளர் இருநூறாவது புடவை வரை வருகிறார், ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறார், பிடிக்கவில்லை, பின்னால் போகிறார். அவர் வந்து நிற்பது முதல் புடவையில். மறுபடி இருநூறு தள்ளுவதற்கு யாருக்குப் பொறுமை?

காரணம் எளிது. எவ்வளவு தூரம் இறங்கியிருந்தோம் என்பதை பிரவுசர் நினைவில் வைத்திருக்கும். ஆனால் பட்டியல் புதிதாகத் திறக்கும்போது அதில் 24 புடவைதான் இருக்கிறது, இறங்குவதற்கு அவ்வளவு நீளமே கிடையாது. என் போனில் இது வெகுநாள் தெரியவே இல்லை. விட்டுவந்த பக்கத்தை பிரவுசர் சில சமயம் அப்படியே மெமரியில் முழுசாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடும். மெமரி குறைவான போனில் நாலு ஆப் திறந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடும். எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் கையில் இருப்பது அந்த மாதிரி போன்தான்.

எட்டு மாதத்தில் ஸ்க்ரோலைக் கழற்றி ‘மேலும் காட்டு’ பட்டனுக்கு வந்தேன். இதைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ஃபுட்டர் ஓடாது. ‘960 புடவையில் 72 பார்த்துவிட்டீர்கள்’ என்று எழுதி வைத்தால் எங்கே இருக்கிறோம் என்று புரியும். போதும் என்று நினைப்பவர் அங்கேயே நிற்கலாம். ஆனால் பேக் பட்டன் வியாதி இதிலும் அப்படியே உண்டு, மருந்தை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் முகவரியில் பக்க எண்ணை எழுதிவிட வேண்டும்:

```js
history.replaceState(null, '', '?page=9');
```

நான் முதலில் அவசரத்தில் `pushState` போட்டுத் தொலைத்தேன். அது ஒவ்வொரு அழுத்தலையும் தனிப் படியாகச் சேர்க்கும். எட்டு முறை அழுத்தியவர் பட்டியலை விட்டு வெளியேற ஒன்பது முறை பேக் அழுத்த வேண்டியிருந்தது. "உங்க சைட்டு விடவே மாட்டேங்குது" என்று ஒரு அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முகவரி சரியானதும் அடுத்த கேள்வி: 9 என்று திரும்பி வருபவருக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை 216 புடவையையும் ஏற்றுவதா? சின்ன போன் மூச்சு வாங்கும். ஒன்பதாம் பகுதியை மட்டும் ஏற்றி, அதன் தலையில் ‘முந்தையவற்றைக் காட்டு’ என்று இன்னொரு பட்டன் வைத்தேன். படங்களுக்கு அகலம், உயரம் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வர வர எல்லாம் கீழே நழுவி, பார்த்த புடவைக்குப் பதில் பக்கத்துப் புடவையில் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, `?page=9` முகவரியை காப்பி செய்து வேறொரு போனில் திறந்தால் போதும். அங்கே முதல் புடவை வந்தால் வேலை முடியவில்லை.

ஒன்றரை வருடம் நன்றாகவே ஓடியது. ஆனால் தீம் அப்டேட் வரும் போதெல்லாம் இந்த ஏற்பாடு உடையும். இப்போது நான்காவது முறை.

பக்க எண்ணில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த முகவரி, பேக் அழுத்தினால் அந்தப் பக்கத்துக்கே வரும், நான் ஒரு வரி எழுத வேண்டாம். கூகுளின் தேடுபொறி பட்டன் அழுத்தாது, லிங்க்கைப் பிடித்துத்தான் போகும் என்பதால் அதற்கும் இதுதான் தோது. அந்த கூகுளே 2021இல் தன் தேடல் முடிவுகளுக்கு மொபைலில் நீள ஸ்க்ரோல் போட்டுப் பார்த்து, 2024இல் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? நானூறு அயிட்டத்துக்கு ‘மேலும் காட்டு’ போடு, மூன்றில் அதுதான் வாடிக்கையாளருக்கு நல்லது என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டு எங்கள் தளத்தில் அதைக் கழற்றிப் பக்க எண்ணுக்கே திரும்பிவிட்டேன். இந்த முறை பக்கத்துக்கு 24, கட்டைவிரல் அகலத்துக்கு எண்கள்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்திருக்கிறது. போனில் பேசுபவர்கள் இப்போது "ஏழாம் பக்கம், மேலேர்ந்து ரெண்டாவது, மாம்பழக் கலர்" என்கிறார்கள். முன்பு "ரொம்பக் கீழே ஒரு மஞ்சள் இருக்குமே" என்பார்கள், அண்ணி தேடித் தேடி அலுத்துப்போவார். ஒரே சிக்கல், புதுச் சரக்கு முதல் பக்கத்தில் ஏறுவதால் பழையது பின்னால் தள்ளிப்போகும், நேற்றைய ஏழாம் பக்கம் இன்றைக்கு ஏழாக இருக்காது. அதற்கும் அண்ணியே வழி கண்டுபிடித்துவிட்டார். இப்போதெல்லாம் புதுப் புடவைகளை 24, 24ஆகச் சேர்த்துத்தான் ஏற்றச் சொல்கிறார். "நேத்து ஒரு லாட் ஏத்தினோம்மா, எட்டாம் பக்கம் போய்ப் பாருங்க" என்று அவர் சொல்வது இங்கே கேட்கிறது.