ஏழு பக்கம், ஒரே பிடிஎஃப்: சான்றிதழ்களைப் போன் கமராவில் ஸ்கேன் செய்து பார்த்த அனுபவம்

துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து இணையவழியில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க, ஸ்கேன் செய்வதற்கென்றே பஸ் ஏறி ரவுணுக்குப் போக வேண்டியதில்லை. கையில் இருக்கிற சாதாரண அன்ட்ரொயிட் போன் போதும். நீண்ட காலப் பாவனையில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். ஆனால் போனில் செய்த பிடிஎஃப்கள் திரும்பி வருவதும் உண்டு. முத்திரை தெரியவில்லை, சுட்டெண் வாசிக்க முடியவில்லை, கோப்பு பெரிது என்பவைதான் வழமையான காரணங்கள். இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் படம் எடுக்கும் நேரத்திலேயே வருகிற பிழைகள். எடுக்கும்போதே போனதைப் பிறகு எந்த அப்பாலும் மீட்க முடியாது.

முதலில் அப் பற்றி. இப்போது எங்கள் பரிந்துரை Files by Google. அதில் Scan என்ற பொத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் எடுத்ததும் அடுத்த பக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம், முடிவில் எல்லாம் ஒரே பிடிஎஃப்பாகப் போனிலேயே சேமிக்கப்படும். முதல் தடவை அந்த வசதி இறங்குவதற்கு டேட்டா கேட்கலாம். Google Drive இலும் இதே வேலை நடக்கும், ஆனால் கோப்பு மேலே ஏறவேண்டும். அங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. Transfer files only over Wi-Fi என்ற தெரிவு போடப்பட்டிருந்தால், சிம் டேட்டா மட்டும் வைத்திருப்பவருக்குக் கோப்பு ஏறாமல் காத்துக்கொண்டே நிற்கும். அதை எடுத்துவிட்டால் சில நிமிடத்தில் ஏறிவிடும். ஐபோனில் Notes அப்பிலேயே Scan Documents இருக்கிறது, வேறு எதுவும் தேவையில்லை. CamScanner இன் இலவசப் பதிப்பு பக்கத்தில் தன் பெயரைப் பதிக்கும், விண்ணப்பத்துக்கு அது அழகில்லை. ஒருகாலத்தில் பலர் விரும்பிய Microsoft Lens நிறுத்தப்படுவதாக 2025இல் அறிவிக்கப்பட்டது, எனவே புதிதாகத் தொடங்குபவர் அதற்குள் போகவேண்டாம்.

அப்பை விட முக்கியம் வெளிச்சம். வன்னி வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் நேரடி வெயில் ஸ்கேனுக்கு ஆகாது. பேப்பர் வெளிறி, போனின் நிழல் கறுப்பாக விழும். காலை எட்டு ஒன்பது மணிக்கு விறாந்தையில், வெயில் படாத ஆனால் வெளிச்சம் தாராளமாக வரும் இடம்தான் நல்லது. இரவில் ரியூப் லைட்டுக்கு நேர் கீழே எடுத்தால் கையின் நிழல் பக்கத்தின் நடுவில் விழும், லைட் பக்கவாட்டில் இருக்கும்படி திரும்பி நின்றால் நிழல் வெளியே போய்விடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். சாம்பல் நிறச் சீமெந்துத் தரையில் வெள்ளைப் பேப்பரை வைத்தால் அப்புக்கு ஓரம் எதுவென்று தெரியாமல் கோடு அலையும். கடும் நிறத்தில், பூப்போடாத ஒரு பெட்சீற்றை விரித்து அதன்மேல் வைத்தால் நான்கு மூலையும் உடனே பிடிபடும். லென்ஸையும் துடைத்துவிடுங்கள். றோட்டுப் புழுதியும் விரல் எண்ணெயும் சேர்ந்த லென்ஸில் எழுத்தைச் சுற்றிப் புகைபோல ஒரு மங்கல் வரும். அதைப் பார்த்துவிட்டு, கமராதான் சரியில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே உள்ள ஆவணங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இடப்பெயர்வுகளில் பொலித்தீன் பைக்குள் கூடவே வந்த பிறப்புச் சான்றிதழ்கள் நாலாக, எட்டாக மடிந்தவை. பாதுகாப்புக்காகப் பிறகு லமினேற் செய்யப்பட்டவையும் நிறைய. மடிப்பு விழுந்த பேப்பரை ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்கு வெளிச்சத்தின் திசையைப் பாருங்கள். வெளிச்சம் மடிப்புக்குக் குறுக்கே வந்தால் மடிப்பின் ஒரு பக்கம் கறுப்புக் கோடாக விழுந்து, அந்த வரியில் உள்ள பெயரோ திகதியோ மறையும். மடிப்பின் நீளவாக்கிலேயே வெளிச்சம் வரும்படி பேப்பரைத் திருப்பி வைத்தால் கோடு ஏறத்தாழக் காணாமல் போய்விடும். குறுக்கும் நெடுக்குமாக மடிந்திருந்தால், முக்கியமான எழுத்தின் மேல் ஓடும் மடிப்பைக் கணக்கில் எடுங்கள்.

மேடாக அழுத்திய முத்திரைக்கு இது நேர்மாறு. அதில் மை இல்லை, நிழலால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. பரந்த வெளிச்சத்தில் எடுத்தால் அந்த இடம் வெறும் வெள்ளையாகவே வரும். ஒரு பக்க யன்னல் ஓரமாக, தாழ்வாக வருகிற வெளிச்சத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

லமினேற் செய்தது பளபளக்கும். போனின் திரையில் வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் போனைச் சரிக்காமல், ஆவணத்தைப் பெட்சீற்றோடு சேர்த்து, பொட்டு மறையும் இடத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். போனைச் சரித்து எடுத்தால் அப் அதை நேராக்கும்போது தூர ஓரத்து எழுத்துகளை இழுத்துப் பெருப்பிக்கும், அவை மங்கிப்போகும்.

இனித்தான் அதிகம் பேர் கவனிக்காத விடயம். பல அப்கள் படம் எடுத்தவுடனே தாமாகவே ஒரு வடிகட்டியைப் போட்டுவிடும். பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கி எழுத்தைக் கறுப்பாக்குவது அதன் வேலை. தட்டச்சுச் செய்த கடிதத்துக்கு அது அருமையாக இருக்கும், சான்றிதழுக்கு ஆபத்து. கிராம அலுவலரின் ஊதா முத்திரை, சமாதான நீதவானின் நீலக் கையொப்பம், பழைய பிறப்புச் சான்றிதழில் மங்கிய மையில் எழுதிய தகப்பன் பெயர் எல்லாமே பின்னணியோடு சேர்ந்து கழுவிப்போகும். அலுவலகத்தில் இருப்பவர் முத்திரையைத்தான் முதலில் தேடுவார். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, வடிகட்டியை எடுத்துவிட்டு அல்லது வர்ணத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். பக்கம் கொஞ்சம் மஞ்சளாக வந்தாலும் பரவாயில்லை. கறை அழிக்கும் கருவியைச் சான்றிதழில் தொடவே வேண்டாம். கறை என்று அது எடுப்பது கையொப்பத்தின் வாலாகவும் இருக்கலாம், ஆவணத்தில் கைவைத்தது போன்ற சந்தேகமும் வரும்.

கோப்பின் அளவுக்கு வருவோம். ஒரு விண்ணப்பத்துக்கு அடையாள அட்டையின் இரு பக்கம், பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம், பட்டச் சான்றிதழ், கிராம அலுவலர் சான்றிதழ் என்று ஏழு பக்கம் வருகிறது, இணையத்தளம் 2 எம்பிக்கு மேல் ஏற்காது என்று வைத்துக்கொள்வோம். வர்ணத்தில் நன்றாக எடுத்த பக்கம் ஒன்று 600 கேபி என்றால் மொத்தம் 4.2 எம்பி. இந்த இடத்தில் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்குவதுதான் பலரின் முதல் யோசனை. அதனால் முத்திரை போகும், அளவோ பெரும்பாலும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. ஏனென்றால் படத்தின் பாரத்தில் பெரும்பகுதி வர்ணத்தில் இல்லை, புள்ளிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளியாக இருப்பதை 200 ஆக்கினால், நீளமும் அகலமும் மூன்றில் இரண்டாகிப் புள்ளிகள் பாதிக்கும் கீழே, ஏறத்தாழ 44 வீதத்துக்கு வரும். கோப்பும் கிட்டத்தட்ட அந்த விகிதத்தில் இறங்கும். 4.2 எம்பி சுமார் 1.9 ஆகிவிடும், வர்ணமும் முத்திரையும் அப்படியே இருக்கும். 200 புள்ளியில் சான்றிதழின் சிறிய எழுத்துகள் தெளிவாக வாசிக்கக்கூடியவை. 150க்குக் கீழே போனால் கையெழுத்தில் 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும்.

இதே கணக்குத்தான் எடுக்கும் தூரத்துக்கும். 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் சுமார் 4000 புள்ளி. A4 பேப்பரின் நீளம் 297 மில்லிமீற்றர், அதாவது 11.7 அங்குலம். பேப்பர் திரையை நிறைத்தால் அங்குலத்துக்கு 340 புள்ளி கிடைக்கும். பேப்பரின் நீளம் திரையின் நீளத்தில் பாதிதான் என்றால் 170 மட்டுமே. எனவே நான்கு ஓரத்திலும் ஒரு விரலளவு பெட்சீற் தெரிந்தால் போதும், அதற்கு மேல் தள்ளிப் போகவேண்டாம். அதே காரணத்தால்தான் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய சான்றிதழ் உதவாது. வழமையான தரத்தில் அது நீளத்தை 1600 புள்ளி அளவுக்குச் சுருக்குகிறது, A4க்கு அது அங்குலத்துக்கு 137 தான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ அக்காவோ உங்களுக்காக விண்ணப்பத்தை நிரப்புகிறார் என்றால் Document ஆகத்தான் அனுப்ப வேண்டும், அப்போது கோப்பு குறையாமல் போகும்.

பக்கங்களை விண்ணப்பத்தில் கேட்ட வரிசையிலேயே எடுங்கள். பிறகு மாற்றுவதைவிட அது லேசு. முத்திரையோ அத்தாட்சியோ பின்பக்கத்தில் இருந்தால் அந்தப் பின்பக்கமும் உரிய சான்றிதழுக்கு அடுத்ததாக வரவேண்டும். மூலப் பிரதியா, சமாதான நீதவான் உறுதிப்படுத்திய போட்டோக்கொப்பியா கேட்கிறார்கள் என்பதை முதலிலேயே பாருங்கள். உறுதிப்படுத்திய பிரதி என்றால், அவர் ஒப்பமிட்ட அந்தத் தாளைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். கோப்புக்கு தமிழ்ப் பெயரும் இடைவெளியும் வேண்டாம், சில தளங்கள் அவற்றை ஏற்பதில்லை. `NIC_BC_OL_AL.pdf` மாதிரி இருந்தால் சிக்கல் வராது.

அனுப்புமுன் பிடிஎஃப்பை வேறொரு போனில் திறந்து, மூன்று இடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்: அடையாள அட்டை இலக்கம், பெறுபேற்றுச் சான்றிதழின் சுட்டெண், முத்திரைக்குள் இருக்கும் எழுத்து. இவை வாசிக்க முடிந்தால் மிச்சமும் வாசிக்க முடியும். பக்கம் சரிந்து கிடந்தால் பார்வைத் திரையில் திருப்பிப் பயனில்லை, ஸ்கேன் அப்புக்குள் திருப்பிச் சேமித்தால்தான் மற்றவருக்கும் நேராகத் தெரியும்.

அளவைச் சுருக்க இணையத்தளங்களில் ஏற்றுபவர்கள், தங்கள் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போகிறது என்பதை நினைக்க வேண்டும். போனிலேயே வேலை செய்யும் சுருக்கி அப்கள் இருக்கின்றன. டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் வேலை செய்தால் சுருக்குவது போனுக்குள்ளேயே நடக்கிறது. சுருக்காத பெரிய பிரதியை அழித்துவிடாதீர்கள். அடுத்த விண்ணப்பம் 5 எம்பி வரை ஏற்கும் என்றால் அதையே அப்படியே கொடுக்கலாம், கிராம அலுவலர் சான்றிதழை மட்டும் புதிதாக எடுத்து மாற்றினால் சரி.