வீட்டுக் கடன் வரிக் கழிவு: எட்டு வருட அனுபவம்

2017 அக்டோபரில் நானும் மனைவியும் சேர்ந்து 40 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி வீடு. சாவி கைக்கு வந்தது 2020 ஜனவரியில். அன்றிலிருந்து வருடா வருடம் வட்டிக்கும் அசலுக்கும் வருமான வரியில் கழிவு கேட்டு வந்திருக்கிறேன். அதில் எனக்குச் சரியாக வந்ததையும் தவறியதையும் எழுதுகிறேன். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கியவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரே ஒரு அடிப்படை. வங்கிக்கு ஒரே இ.எம்.ஐ.யாகக் கட்டினாலும், வருமான வரிச் சட்டம் அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. வட்டி, வீட்டுச் சொத்து வருமானக் கணக்கில் பிரிவு 24(பி)யின் கீழ் வரும். நாமே குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை. அசல், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் இருக்கும் அதே 80சி கூடைக்குள் போகும். எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். இரண்டும் பழைய வரி முறையில்தான். புதிய முறைக்குக் கடைசியில் வருகிறேன்.

என் முதல் தவறு 2018-19 நிதியாண்டில் நடந்தது. அப்போது பணம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. நாங்கள் கட்டியது வட்டி மட்டுமே, அதாவது ப்ரீ இ.எம்.ஐ. அந்த வருடம் 1,80,000 வட்டி கட்டியதாக வங்கி சான்றிதழ் கொடுத்தது. ஜனவரியில் அலுவலகத்தில் ஆதாரம் கேட்டபோது படிவம் 12பிபியில் அந்தத் தொகையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களும் ஏற்றுக்கொண்டு டி.டி.எஸ்.ஸைக் குறைத்துவிட்டார்கள். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது ஆடிட்டர் கேட்ட முதல் கேள்வி: "சாவி கைக்கு வந்துடுச்சா சார்?" இல்லை என்றதும் அந்தக் கழிவை எடுத்துவிட்டார். 20 சதவீத வரம்பில் இருந்தேன். செஸ்ஸோடு சேர்த்து 37,440 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது, அதற்கு மேல் தாமத வட்டி வேறு. சான்றிதழ் பொய் இல்லை, தொகையும் சரி. ஆனால் வீடு கட்டி முடியாத வருடத்தில் அந்த வட்டியைக் கேட்க முடியாது என்பது சான்றிதழில் எழுதியிருக்காது.

அந்தப் பணம் போய்விட்டதா என்றால், இல்லை. கட்டுமானக் காலத்து வட்டியைச் சேர்த்து வைத்து, வீடு முடிந்த வருடத்திலிருந்து ஐந்து சம பங்காக ஐந்து வருடம் கழித்துக்கொள்ளலாம். இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: கட்டுமானக் காலம் எந்தத் தேதியோடு முடிகிறது? சாவி வாங்கிய நாளோடு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31ஓடு அது முடிந்துவிடுகிறது. எங்களுக்கு வீடு முடிந்தது 2019-20இல். ஆகவே 2017 அக்டோபர் முதல் 2019 மார்ச் 31 வரையிலான வட்டிதான் கட்டுமானக் கால வட்டி. 2019 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை நாங்கள் வாடகை வீட்டில்தான் இருந்தோம். ஆனாலும் அந்த மாதங்களின் வட்டி, அந்த வருடத்தின் வழக்கமான வட்டியாகவே முழுசாகக் கணக்கில் வந்துவிடும்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. 2017-18இல் 60,000, 2018-19இல் 1,80,000, ஆக மொத்தம் 2,40,000. ஐந்தில் ஒரு பங்கு 48,000. 2019-20இன் வட்டி 3,10,000. இரண்டும் சேர்ந்தால் 3,58,000. நான் ஒருவன் மட்டும் கடன் வாங்கியிருந்தால் 2 லட்சத்தோடு நின்றிருக்கும். அந்த 48,000 இருந்தும் இல்லாததுபோல்தான், ஏனென்றால் அது 2 லட்சத்துக்குள்ளேயே அடங்க வேண்டும், அதற்கு மேலே கிடைக்காது. பத்திரத்தில் இருவரும் சரிபாதி உரிமையாளர்கள், கடனிலும் இருவரும் இருக்கிறோம், இ.எம்.ஐ.க்கு இருவர் சம்பளத்திலிருந்தும் பாதிப் பாதி போகிறது. அதனால் ஆளுக்கு 1,79,000 வந்தது. 2 லட்சம் என்பது ஆளுக்குத் தனித்தனி வரம்பு. ஒரு ரூபாய் வீணாகவில்லை.

கூட்டுக் கடன் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வங்கி கொடுக்கும் சான்றிதழில் இருவர் பெயரும் இருக்கும், தொகை மட்டும் மொத்தமாக ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்த்து கணவனும் மனைவியும் தத்தம் அலுவலகத்தில் முழுத் தொகையையும் எழுதிவிடுகிறார்கள். ஒரே வட்டி இரண்டு முறை கழிக்கப்படுகிறது. துறை இரண்டு ரிட்டர்னையும் ஒப்பிட்டால் வெளியே வந்துவிடும். நாங்கள் வருடா வருடம் ஒரே தாளில் பங்கைப் பிரித்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் நகலோடு இரண்டு அலுவலகத்திலும் கொடுத்துவிடுவோம். இன்னொன்று, கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் கழிவு கிடையாது. இதைக் கடன் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும், பிறகு சரிசெய்வது சுலபமில்லை.

இன்னொரு காலக்கெடுவும் உண்டு. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது 2023 மார்ச் 31 வரை இருந்தது, பிரச்சினை வரவில்லை. தாண்டிவிட்டால் சொந்தக் குடியிருப்புக்கான வரம்பு 2 லட்சத்திலிருந்து 30,000க்கு இறங்கிவிடும். பில்டர் தாமதித்தார் என்பதைச் சட்டம் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அசலுக்கு வருவோம். வட்டிக்கும் அசலுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டை எனக்கு 2020 தான் புரியவைத்தது. வட்டிக்குச் சட்டம் பார்ப்பது அந்த வருடத்துக்குச் சேர வேண்டிய தொகையை. அசலுக்குப் பார்ப்பது உண்மையில் கட்டிய தொகையை. நண்பர் ஒருவர் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணைச் சலுகையை எடுத்துக்கொண்டார். அந்த மாதங்களில் அவர் எதுவும் கட்டவில்லை, ஆனாலும் அந்தக் காலத்துக்கு ஏறிய வட்டி அவருக்குக் கணக்கில் வந்தது, அசல் வரவில்லை. நாங்கள் சலுகை எடுக்கவில்லை. மாதம் 34,700 கட்டி 2020-21இல் வட்டி 2,92,000, அசல் 1,24,400. ஆளுக்கு 62,200 அசல், 80சியில்.

கட்டுமானக் காலத்தில் அசலும் சேர்த்து முழு இ.எம்.ஐ. கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டிக்கு இருக்கும் அந்த ஐந்து பங்கு வசதி அசலுக்கு இல்லை. வீடு முடியும் முன் கட்டிய அசலைப் பிறகு இழுத்துக்கொண்டு வந்து கேட்க வழியில்லை. ஆனால் முத்திரைத் தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் 80சியில் வரும், கட்டிய வருடத்தில் மட்டும். எங்கள் பத்திரப் பதிவு சாவி வாங்கிய அதே 2019-20இல் நடந்ததால் அந்த வருடம் எங்கள் இருவரின் 80சியும் அதிலேயே நிரம்பிவிட்டது.

2023இல் வேலை மாற்றத்தால் வீட்டை விற்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அப்போதுதான் இதைப் படித்தேன்: வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், அதுவரை 80சியில் அசலுக்காகக் கழித்ததெல்லாம் விற்ற வருடத்தின் வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும். வட்டிக் கழிவுக்கு இந்தத் தண்டனை இல்லை. எங்களுக்கு அந்தத் தேதி 2025 மார்ச் 31. விற்கவில்லை.

ஆதாரங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜனவரியில் வங்கி தருவது தற்காலிகச் சான்றிதழ். மீதி மாதங்களை உத்தேசமாகப் போட்டிருப்பார்கள். இடையில் வட்டி விகிதம் மாறினாலோ நாம் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டினாலோ ஏப்ரலில் வரும் இறுதிச் சான்றிதழில் எண்கள் வேறாக இருக்கும். ரிட்டர்னில் இறுதி எண்தான் போக வேண்டும், ஃபார்ம் 16இல் வேறு எண் இருந்தாலும். 2024-25க்கான ரிட்டர்னிலிருந்து கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மொத்தக் கடன், மார்ச் 31 அன்றைய பாக்கி எல்லாம் கேட்கிறார்கள். சான்றிதழைப் பக்கத்தில் வைக்காமல் இப்போது இதை நிரப்பவே முடியாது.

சரி, புதிய முறை. 2023-24 முதல் அதுதான் இயல்பான முறை. பழையது வேண்டுமென்றால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளக்காரர்கள் ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கெடு தேதிக்குள் போட்டால் மட்டும். தாமதமாகப் போட்டால் பழைய முறை கிடைக்காது, வீட்டுக் கடன் கழிவும் அதோடு போய்விடும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும் கழிவு இல்லை, 80சியும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் அதில் நஷ்டம் வந்தால் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

எங்கள் ஐந்தாவது 48,000 பங்கு 2023-24இல் தீர்ந்தது. அதுவரை பழைய முறையில்தான் இருந்தேன். 2025-26க்கு என் கணக்கு இது. சம்பளம் 15 லட்சம். வட்டி மொத்தம் 2,68,000, என் பங்கு 1,34,000. 80சி, பி.எஃப்.போடு சேர்த்து முழு 1.5 லட்சம். நிலையான கழிவு 50,000. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 11,66,000, செஸ்ஸோடு வரி 1,68,792. புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போக 14,25,000, வரி 97,500. பழைய முறை 71,292 ரூபாய் அதிகம். இந்தச் சம்பளத்தில் இரண்டும் சமமாக வேண்டுமென்றால் நிலையான கழிவு போக இன்னும் 5,43,750 ரூபாய்க்குக் கழிவு வேண்டும். வட்டிக்கு 2 லட்சமும் 80சிக்கு 1.5 லட்சமும் முழுசாக இருந்தாலே 3.5 லட்சம்தான் ஆகிறது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகைப் படிக் கழிவும் இல்லை. அதனால், 'கடனை அடைக்காதே, வரி மிச்சம்' என்று இப்போதும் யாராவது சொன்னால், இந்த இரண்டு கணக்கையும் உங்கள் சம்பளத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் போட்டுப் பார்த்த பிறகு போன வருடப் போனஸை அப்படியே அசலில் கட்டினேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் 80சிக்குப் பதில் பிரிவு 123. 2025-26க்கான ரிட்டர்னை 2026இல் போட்டாலும் அது பழைய சட்டத்தின் எண்களோடுதான் போகும்.