உப்புத் தண்ணீருக்கு எந்த கெய்சர்? டேங்க், எலிமெண்ட், மெக்னீசியம் ராடு: ஓர் அலசல்

வாளியில் வெள்ளைப் படலம் படிந்தாலும் 'உப்புத் தண்ணீர்' என்கிறோம், வாயில் வைத்தால் கரித்தாலும் 'உப்புத் தண்ணீர்' என்கிறோம். கெய்சருக்கு இவை இரண்டும் வேறு வேறு பகைகள். படலமாகப் படிவது கால்சியம். அது எலிமெண்ட்டைக் கெடுக்கும். கரிப்பது குளோரைடு; அது டேங்க்கைத் தின்னும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் கால்சியத்தைக் காட்டும் கடினத்தன்மை, குளோரைடு என இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு மாடலைத் தேடினால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் எலிமெண்ட். சாதாரண வகையில் செம்புக் குழாயோ இன்கலாய் குழாயோ நேராகத் தண்ணீருக்குள் இருக்கும். இன்கலாய் என்பது நிக்கல், இரும்பு, குரோமியம் கலந்த உலோகம். மற்றொன்று 'டிரை' எலிமெண்ட்: எனாமல் பூசிய தடித்த உறைக்குள் பீங்கானில் சுற்றிய கம்பி இருக்கும், தண்ணீர் அதைத் தொடாது. உப்பு இரண்டிலும் படியும். 'உப்பே பிடிக்காது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வித்தியாசம் பரப்பளவில் இருக்கிறது. 2 கிலோவாட் எலிமெண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 மி.மீ. விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள குழாய் என்றால், வெப்பம் வெளியேற சுமார் 150 சதுர செ.மீ. பரப்புதான் கிடைக்கிறது. அதன்மேல் 1 மி.மீ. உப்பு படிந்தால், அந்தப் படலத்தைக் கடந்து வெப்பம் வெளியே போக, குழாய் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைவிட ஏறக்குறைய 120 டிகிரி கூடுதலாகக் காய வேண்டும். இதே 2 கிலோவாட்டை 4 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள உறை வழியாக விட்டால், அதே படலத்துக்கு 50 டிகிரி கூடினால் போதும். (உப்புப் படலத்தின் தன்மை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இது தோராயக் கணக்குதான்.)

உப்பு பிடித்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். எலிமெண்ட் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. பில் பெரிதாக ஏறாது. ஆனால் குழாய் அளவுக்கு மீறிக் காய்ந்து ஒருநாள் வெடிக்கும். செம்பு இதில் சீக்கிரம் தோற்கும், இன்கலாய் கூடுதல் காலம் தாங்கும், டிரை வகை அதற்கும் மேல். கெய்சர் கெட்டில் போல இரைந்தாலோ, போட்டதும் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்தாலோ எலிமெண்ட்டைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அப்புறம் டேங்க். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு உள்பூச்சு தேவையில்லை, கடினத்தன்மையும் அதை ஒன்றும் செய்யாது. அதன் பலவீனம் வெல்டிங் மூட்டு. குளோரைடு அதிகமான தண்ணீர் சூடாகும்போது அங்கே ஊசிமுனை ஓட்டை விழும். 304 ரகத்தைவிட 316 தாங்கும், ஆனால் எல்லா மாடலிலும் அது வராது. கண்ணாடிப் பூச்சு டேங்க் உள்ளே சாதாரண இரும்புதான். பூச்சு குளோரைடைத் தடுக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதிலும் இருக்கும். அந்தத் துளைகளுக்காகத்தான் மெக்னீசியம் ராடு: இரும்புக்குப் பதிலாக அது கரையும். உப்பைப் படியவிடாமல் தடுப்பது அதன் வேலை இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் நிறைய.

சரி, ஒரு வீட்டின் அறிக்கையில் லிட்டருக்குக் கடினத்தன்மை 450 மில்லிகிராம், குளோரைடு 320 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 லிட்டர் சூடாக்கி, கடினத்தன்மையில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே வருடத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு. நான் கண்ணாடிப் பூச்சு டேங்க், டிரை எலிமெண்ட், தடித்த ராடு என்றுதான் எடுப்பேன். கடினத்தன்மை அதே 450, குளோரைடு வெறும் 40 என்றால் ஸ்டெயின்லெஸ் டேங்க்கும் இன்கலாய் எலிமெண்ட்டும் போதும், ராடு மாற்றும் தொல்லையும் இல்லை. இரண்டிலும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டேன். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு வேகமாகப் படியும்.

ராடு விஷயத்தில் ஒன்று. கரிக்கும் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் அது சீக்கிரம் தேயும். முதல் வருட முடிவில் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தி, டேங்க்கை வடித்துக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்ற வேண்டும். புதிதுபோல் அப்படியே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம்: சுண்ணாம்பு அதன்மேல் கெட்டியாக மூடியிருக்கலாம், அல்லது ராடுக்கும் டேங்க்குக்கும் உள்ள மின்தொடர்பு விட்டிருக்கலாம். இரண்டு நிலையிலும் கரைவது டேங்க்தான்.