படத்தின் மேல் எழுத்தா, தனிக் கடிதமா? ஒரு தோல் பை ஏற்றுமதியாளரின் ஒப்பீடு

பேரணாம்பட்டில் உள்ள எங்கள் தோல் பைப் பட்டறையில், புதிய வடிவங்களை, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குக் காட்ட ஏ.ஐ. கருவியில் உருவாக்கிய படங்களைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு பையை வெட்டித் தைத்துக் கூரியரில் அனுப்பி, அது அவர் மேசைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று வாரங்கள் ஆகிவிடும். ஆனால் அதே பையரிடம் ஆறு வடிவங்களை ஒரே பிற்பகலில் காட்டிவிட இந்தப் படங்கள் உதவுகின்றன. இவை யோசனைப் படங்கள்தான், சாம்பிள் அல்ல என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் எங்களுக்குச் சிக்கலாக இருந்தது. மூன்று வழிகளை முயன்று பார்த்தோம். படத்தின் மேலேயே எழுதிவிடுவது ஒன்று, விலைக் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்ப்பது மற்றொன்று, படங்களை அனுப்பும் முன் தனியாக ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்கிக்கொள்வது மூன்றாவது. இப்போது மூன்றாவது வழியையே முதன்மையாகக் கொண்டிருக்கிறோம். அந்த முடிவுக்கு எங்களைக் கொண்டுவந்தது ஓர் ஆட்டுத்தோல் பை.

ஐரோப்பியப் பையர் ஒருவருக்கு நாங்கள் அனுப்பிய படத்தில், முன்பக்கமும் அடிப்பாகமும் பின்பக்கமும் ஒரே துண்டாக வளைந்து வரும் பெரிய டோட் பை இருந்தது. அகலம் 40 சென்டிமீட்டர், உயரம் 36, அடிப்பாகம் 12. அவர் அதை மிகவும் விரும்பி, ‘படத்தில் உள்ளபடியே’ என்று எழுதி 600 பைகளுக்கு விலை கேட்டார். விலையும் கொடுத்தோம். படத்தை வெட்டும் பகுதிக்குக் கொண்டுபோனபோது கட்டிங் மாஸ்டர் அளவுநாடாவை ஓர் ஆட்டுத்தோலின் மேல் விரித்துக் காட்டி, “சார், இது ஒரே தோல்ல வராது. அடியில ஜாயின்ட் போட்டாத்தான் முடியும்” என்றார். அவர் சொன்னது சரிதான். 36, 12, 36 மூன்றையும் கூட்டினால் 84 சென்டிமீட்டர் வருகிறது. வாய்ப்பகுதி மடிப்புக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 90. எங்களிடம் இருந்த ஆட்டுத்தோல்கள் ஒவ்வொன்றும் ஐந்து சதுர அடி அளவு. பரப்பை மட்டும் கணக்கிட்டால் அந்தத் துண்டு அதற்குள் அடங்குவது போலத் தோன்றும். ஆனால் தோல் நீள்சதுரமாக இருப்பதில்லை. கழுத்துப் பக்கம் குறுகும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து மடியும், கால் பகுதிகளில் பை வெட்ட ஏற்ற தோலே இருக்காது. கருவிக்கு இது எதுவும் தெரியாது. எந்த விலங்கிலிருந்தும் வராத, எல்லை இல்லாத ஒரு தோலை அது வரைந்து கொடுத்திருந்தது.

அடியில் தையல் இணைப்புடன் சாம்பிள் செய்து அனுப்பினோம். தாம் ஒப்புக்கொண்ட பை இது இல்லை என்று பையர் பதில் எழுதினார். அந்தப் படத்தை அவர் அதற்குள் தம் கடைகளுக்குக் காட்டிவிட்டிருந்தார். நாங்கள் அனுப்பிய கோப்பை மறுபடியும் திறந்து பார்த்தேன். அதன் பெயர் `sample_tote_tan.jpg`. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதை ‘மாதிரிப் படம்’ என்றே அழைத்து வந்ததால், பெயர் வைத்த பையன் அதை அப்படியே ஆங்கிலமாக்கிவிட்டான். தமிழில் ‘மாதிரி’ என்பது சாம்பிளையும் குறிக்கும், ‘இதுபோல’ என்பதையும் குறிக்கும். அவன் இரண்டாவது பொருளில் சொன்னதைப் பையர் முதல் பொருளில் வாசித்தார். மாட்டுத்தோலுக்கு மாறி, எடை கூடியதற்கு விலையில் இறங்கி அந்த ஆர்டரை முடித்தோம். அன்று முதல் இந்தப் படங்களை ‘மாதிரி’ என்று அழைப்பதை அலுவலகத்தில் நிறுத்திவிட்டோம். இப்போதைய பெயர் `concept_tote_tan_v1.jpg` என்ற வடிவில் இருக்கும்.

இனி மூன்று வழிகளுக்கு வருகிறேன். விலைக் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்ப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம், டெலிவரி, பேக்கிங் நிபந்தனைகளுக்குக் கீழே பன்னிரண்டாவது வரியாக வருவதை யாரும் வாசிப்பதில்லை. மேற்சொன்ன ஆர்டரிலும் அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அதைச் சுட்டிக்காட்டியபோது, படம் வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் விலைக் குறிப்பு வந்தது என்று பையர் சொன்னார். அது உண்மையும்கூட.

படத்தின் மேலேயே எழுதுவதை அப்படித் தள்ளிவிட முடியாது. படம் பையரின் மெயிலிலிருந்து அவருடைய வடிவமைப்பாளருக்கும் கடை மேலாளருக்கும் போகும்போது கடிதம் கூடவே போகாது, படத்தின் மேல் இருக்கும் எழுத்து மட்டுமே போகும். அதனால் இந்த வழியை நாங்கள் கைவிடவில்லை. பையின் குறுக்கே, வெட்டி எடுத்துவிட முடியாத இடத்தில், ‘யோசனைப் படம், சாம்பிள் அல்ல’ என்று ஆங்கிலத்தில் பதிக்கிறோம். ஓரத்தில் சிறிதாகப் பதித்தால் முதல் கிராப்பிலேயே அது போய்விடும். ஆனாலும் எழுத்தால் முடிவது அவ்வளவுதான். படம் என்னவாக இல்லை என்பதை அது சொல்கிறது. சாம்பிள் எது, எதை வைத்துச் சரக்கை ஒப்பிடுவது என்பதை அது சொல்வதில்லை. படத்தைப் பார்த்தவர் அதைப் படித்தாரா என்பதற்கும் நம் கையில் எந்தச் சான்றும் இருக்காது.

என்னைத் தனிக் கடிதத்தின் பக்கம் சாய வைத்தது இந்த ஒரு காரணம்தான்: தகராறு வரும் நாளில் ‘சாம்பிள்’ என்ற இடத்தில் எது உட்காருகிறது என்பது. இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 17-ஆம் பிரிவு, சாம்பிளின் பேரில் நடக்கும் விற்பனையில் மொத்தச் சரக்கும் தரத்தில் சாம்பிளோடு ஒத்திருக்க வேண்டும் என்பதையும், ஒப்பிட்டுப் பார்க்கப் பையருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்பதையும் உள்ளார்ந்த நிபந்தனைகளாக வைக்கிறது. சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இன்னும் ஒரு படி விரிவாகப் பேசுகிறது. அதன் 35-ஆவது உறுப்பு, விற்பவர் சாம்பிளாகவோ மாடலாகவோ பையர் முன் வைத்ததன் பண்புகள் சரக்கில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை. ஆனால் ஜெர்மனியும் பிரான்சும் இத்தாலியும் இருக்கின்றன. ஒப்பந்தத்துக்கு அந்த நாடுகளில் ஒன்றின் சட்டம் பொருந்தும் என்று வந்தால், ஆம்பூரிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ போன சரக்குக்கும் அது பொருந்தக்கூடும். அதே உறுப்பின் மூன்றாவது உட்பிரிவுதான் கடிதத்துக்கு வலு தருகிறது. ஒப்பந்தம் முடியும்போதே பையர் ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால், அல்லது அறியாமல் இருந்திருக்க முடியாது என்றால், அந்த வேறுபாட்டுக்கு விற்பவர் பொறுப்பாக மாட்டார். பையரின் ஒரு வரிப் பதில் இங்கேதான் பயன்படுகிறது. அவர் அறிந்திருந்தார் என்பதை அவருடைய சொற்களே காட்டிவிடுகின்றன.

நாங்கள் அனுப்பும் ஆங்கிலக் கடிதம் தமிழில் இப்படி அமையும்:

“அடுத்த மெயிலில் வரும் ஆறு படங்களும் ஏ.ஐ. கருவியில் உருவாக்கப்பட்டவை, புகைப்படங்கள் அல்ல. இவற்றில் உள்ள பைகளை நாங்கள் இன்னும் தைக்கவில்லை. வடிவம், அளவு விகிதம், எந்த வண்ணக் குடும்பம் என்பவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்க இவை போதும். தோலின் மேற்பரப்பு, சரியான நிறம், தையல் இணைப்புகள் வரும் இடம், ஜிப், பக்கிள் வகைகள் ஆகியவற்றை இவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வடிவத்துக்கு முதலில் தோலின் சிறு வெட்டுத்துண்டான ஸ்வாட்ச், பிறகு தைத்த சாம்பிள் அனுப்புவோம். நீங்கள் கையெழுத்திட்டு சீல் வைத்துத் திருப்பி அனுப்பும் சாம்பிள்தான் ஆர்டருக்கு அளவுகோல். படத்துக்கும் அதற்கும் வேறுபாடு இருந்தால் சாம்பிளே செல்லும். அதற்கு முன் இப்படங்களைக் கடைகளுக்கோ கேட்டலாக்கிலோ காட்டுவதாக இருந்தால் எங்களிடம் முதலில் சொல்லுங்கள். இதை ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதுங்கள், படங்களை உடனே அனுப்புகிறோம்.”

இதில் ‘இவை போதும்’ என்ற வாக்கியத்தை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். முதலில் எழுதிய கடிதத்தில் எதற்குமே பொறுப்பில்லை என்று மட்டும் இருந்தது. அப்படியானால் இந்தப் படங்களை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு பையர் கேட்டார். எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று பிரித்துச் சொன்ன பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. நிறத்தைத் தனியாகக் குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. மரப்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் நாள்பட நாள்படக் கருக்கும். திரையில் தெரியும் பழுப்பு எங்கள் ஜன்னலோரத்தில் ஒன்றாகவும், அவர் கடையின் குழல்விளக்கின் கீழ் வேறொன்றாகவும் தெரியும். ஸ்வாட்ச்சைக் கையில் வைத்துப் பார்க்காமல் நிறத்தை ஒப்புக்கொள்வதை எந்தப் பக்கத்திலும் நான் விரும்புவதில்லை.

தனிக் கடிதத்துக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. படம் பார்க்கும் ஆவலில் இருக்கும் புதுப் பையருக்கு அந்தத் தாமதம் எரிச்சலூட்டுவதை உணர்ந்திருக்கிறேன். அவசரமாகக் கேட்பவருக்குக் கடிதத்தையும் படங்களையும் ஒரே மெயிலில், கடிதத்தை மேலே வைத்து அனுப்பிவிடுகிறோம். அப்போது பதில் கிடைக்கும் உறுதி குறைகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலும், இந்தக் கடிதத்தை நான் நேரடியாகப் பேசிப் பழகிய சிறிய, நடுத்தரப் பையர்களிடம் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். தங்கள் சொந்தப் போர்ட்டலில் படம் ஏற்றச் சொல்லும் பெரிய சங்கிலிக் கடைகளோடு எனக்கு அனுபவம் இல்லை. கடிதத்துக்கு இடமே இல்லாத அத்தகைய இடத்தில் படத்தின் மேல் பதிக்கும் எழுத்தும், கோப்பின் பெயரும்தான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.

சீல் வைத்த சாம்பிள் திரும்பி வந்ததும் அதையே நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, முன்பு அனுப்பிய யோசனைப் படங்களுக்குப் பதிலாக இவற்றைப் பயன்படுத்துமாறு பையருக்கு எழுதுகிறோம். அடிப்பாகத்தின் தையல் இணைப்பு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் அதில் கட்டாயம் இருக்கும். அந்தப் படத்தை எடுக்கும் முன் கட்டிங் மாஸ்டரையும் ஒரு முறை அழைத்துக் காட்டிவிடுகிறேன்.